ஓடாதவர்களும் ரன் அவுட் ஆவதில்லை

கேள்வி: கிரிக்கெட்டில் ஒரு பேட்டிங் ஜோடி நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க, எத்தனை முறை இரண்டு ஓட்டங்கள் எடுத்தார்கள், எத்தனை ரன் அவுட் என்று எண்ணினால் போதாதா?

பதில்: போதாது. ரன் அவுட்டே ஆகாத ஜோடிகளின் பட்டியலில், இரண்டாவது ஓட்டத்தை நினைத்துக்கூடப் பார்க்காத சோம்பேறிகளும் இடம்பிடித்துவிடுவார்கள். இரண்டுகளை மட்டும் எண்ணினாலோ, எல்லைக்கோடு தொலைவில் இருக்கும் மைதானத்தில் ஆடியவர்களுக்கு இலவசமாகப் பாராட்டுக் கிடைக்கும். ஆகவே முதலில் வாய்ப்புகளை எண்ண வேண்டும்: முதல் ஓட்டம் முடிந்த கணத்தில் பந்து இன்னும் ஃபீல்டரின் கைக்கு வராமலோ, வந்தும் எறியப்படாமலோ இருந்தால் அது இரண்டாவது ஓட்டத்துக்கான வாய்ப்பு. உள்வட்டத்துக்குள் மெதுவாகத் தட்டிய பந்துகளையும் இப்படியே பிரித்து, அவற்றில் எத்தனை விரைவு சிங்கிள்களாயின என்று பார்க்கலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு ஜோடிகளுக்கும் தலா 40 வாய்ப்புகள். முதல் ஜோடி 30 முறை இரண்டாவது ஓட்டத்தை முடித்தது, ஒருமுறை ரன் அவுட் ஆனது. இரண்டாவது ஜோடி 15 முறை மட்டும் முடித்தது, ரன் அவுட் இல்லை. இரண்டாவது ஓட்டத்தில் ஆட்டமிழந்தாலும் முடித்த முதல் ஓட்டம் கணக்கில் சேரும் என்பதால், இழப்பு விக்கெட் மட்டுமே. இன்னிங்ஸின் நடுவில் ஒரு விக்கெட்டின் மதிப்பை 20 ஓட்டங்கள் என்று வைத்தால் முதல் ஜோடிக்கு 10 மிச்சம், இரண்டாவதற்கு 15. அதே விக்கெட் கடைசி ஓவர்களில் 5 ஓட்டங்களுக்கே பெறுமானால் முதல் ஜோடி 25க்குத் தாவிவிடுகிறது. எண்ணிக்கை மாறவில்லை, எந்த ஓவர் என்பது தீர்ப்பையே மாற்றிவிட்டது.

ரன் அவுட் அரிதாக நிகழ்வது என்பதால் அதிர்ஷ்டத்துக்கு இங்கே பெரிய பங்குண்டு. பேட்டர் கிரீஸுக்கு வெளியே இருக்கையில் எறி ஸ்டம்பைத் தவறவிட்ட தருணங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாவது ஜோடி அப்படி மூன்று முறை பிழைத்திருந்தால், அதன் சுழியத்தை நான் நம்பமாட்டேன். ஓட்டத்தின் மதிப்பும் எப்போதும் ஒன்றல்ல. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் கப்திலின் நேரடி எறியில் தோனி வீழ்ந்தது இரண்டாவது ஓட்டத்தில்தான். மறுமுனையில் பந்துவீச்சாளரான புவனேஷ்வர் குமார் நின்றிருக்க, அந்த ஓட்டம் அடுத்த பந்துக்கான ஸ்ட்ரைக்கையும் சேர்த்துத் தோனிக்கே தந்திருக்கும்.

இவற்றைத் தனி ஆட்டக்காரரின் பெயரில் எழுதாமல் ஜோடியின் பெயரில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்கோர்கார்டில் ரன் அவுட் என்பது வெளியேறியவரின் பெயருக்கு எதிரே மட்டும் பதிவாகிறது. பாதி வழியில் அவரை வரவழைத்துவிட்டு, பிறகு "வேண்டாம்" என்று கையைக் காட்டியவர் அந்த வரியில் இருப்பதே இல்லை.