‘உடனே’ என்றால் எத்தனை மணி?

அன்புள்ள சார்,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பில்லிங் மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனம். ஏழு பேர் என் பொறுப்பில் இருக்கிறார்கள். புதுச்சேரி, கோவை, ஒருவர் மட்டும் பிரான்சில். எழுதிக் கேட்டால் ஒரு நாள் ஆனாலும் பதில் வருவதில்லை. போன் செய்தால் “எதற்கெடுத்தாலும் போனா?” என்று சலித்துக்கொள்கிறார்கள். மெசேஜுக்கு உடனே பதில் போட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். இப்போது எல்லோரும் ராத்திரி வரை போனும் கையுமாக இருக்கிறார்கள், வேலைதான் நகரவில்லை. என்னதான் விதி போடுவது?

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் இரவு 11.48-க்கு வந்திருக்கிறது. பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிட்டது.

விதி போடும் முன் ஒன்று செய்யுங்கள். ஏழு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள்: “உங்கள் பெயர் போட்டு சாட்டில் ஒன்று கேட்டால் எவ்வளவு நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” லாஸ்பேட்டையிலிருந்து நான் நடத்திய ஆறு பேர் குழுவில் இதைக் கேட்டபோது ஒருவர் பத்து நிமிடம் என்றார். இன்னொருவர் அன்றைக்குள் என்றார். பிரான்சில் இருந்தவர் மறுநாள் என்றார். மூவரும் நல்ல உழைப்பாளிகள்தான். ஆளுக்கொரு கடிகாரம் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ‘உடனே’ என்று நீங்கள் சொன்னதையும் அவரவர் கடிகாரத்தில்தான் படித்திருப்பார்கள்.

நாங்கள் பேசி வைத்துக்கொண்டது இது. சாட்டில் பெயர் போட்டுக் கேட்டால் நான்கு வேலை மணிக்குள் பதில். மின்னஞ்சல் என்றால் அடுத்த வேலை நாள் முடிவதற்குள். போன் வந்தால் எடுக்க வேண்டும். தவறவிட்டால் கால் மணியில் திரும்பக் கூப்பிட வேண்டும். ‘வேலை மணி’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு வேலை நேரம் காலை 10 முதல் இரவு 7 வரை. வெள்ளிக்கிழமை மாலை 5-க்குக் கேட்டால் அன்று இரண்டு மணி, திங்கள் காலை இரண்டு மணி, ஆக திங்கள் பகல் 12 வரை காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை அவர் எங்கே போனார் என்று யாரும் தேட வேண்டாம். பிரான்ஸ்காரருக்குக் குளிர்காலத்தில் காலை 9 என்றால் நமக்குப் பகல் 1.30, கோடையில் 12.30. அவர் கடிகாரம் அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும். (மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், இங்கே மாற்றுவதில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை எங்களில் ஒருவராவது கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தப்பாக வருவார்.)

இந்த நான்கு மணி நேரத்தில் சாட்டை மூடிவிட்டு வேலை பார்க்கலாம் என்பதை எங்கள் பிள்ளைகள் நம்புவதற்கே இரண்டு வாரம் ஆனது. எண்ணோடு இன்னொன்றும் சேர்ந்தால்தான் நம்புவார்கள்: நேரம் கடந்தால் கேட்டவர் என்ன செய்யலாம்? எங்களிடம், நான்கு வேலை மணி தாண்டினால் தாராளமாகப் போன் செய்யலாம், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அதற்கு முன் போன் என்றால் மூன்று காரணங்களுக்குத்தான். வாடிக்கையாளர் கவுன்டரில் பில் நின்றுபோனால். ஒரே விஷயம் மூன்று தடவை போய் வந்தும் புரியாவிட்டால். ஒருவர் வேலையில் குறை சொல்வதாக இருந்தால். கடைசியை எழுத்தில் தொடங்கவே கூடாது. இரவு படுக்கும் முன் அதைப் பத்துத் தடவை படித்துக்கொண்டிருப்பார்கள். பேசி முடித்ததும், வேலை முடிவாக இருந்தால், கூப்பிட்டவரே அதே சாட்டில் இரண்டு வரி எழுத வேண்டும்: என்ன முடிவு, யார் செய்கிறார். இல்லாவிட்டால் பிரான்ஸ்காரர் கணினியைத் திறக்கும்போது, தனக்குத் தெரியாமல் எடுத்த முடிவு அங்கே உட்கார்ந்திருக்கும்.

இனி என் தவறு ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை மாலை 5.40-க்கு எங்கள் பெண் ஒருத்தி, “மருந்துக்கடையின் புது விலைப்பட்டியலை இன்றே ஏற்றிவிடலாமா?” என்று கேட்டாள். நான் கட்டைவிரல் போட்டேன். ‘பார்த்தேன், அப்புறம் சரிபார்க்கிறேன்’ என்று எனக்குள் அர்த்தம். ‘சரி, ஏற்று’ என்று அவளுக்கு அர்த்தம். ஏற்றிவிட்டாள். பட்டியலில் இருந்தது பத்து அட்டை கொண்ட பெட்டியின் விலை. சனிக்கிழமை காலை கவுன்டரில் 30 ரூபாய் மாத்திரை அட்டை 300 ரூபாய்க்கு பில் ஆனது. ஒன்பது மணிக்கு, வரிசையில் நிற்பவர்களின் கூச்சல் பின்னால் கேட்க, கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

அன்றோடு கட்டைவிரலைத் தடை செய்தோம். கண் படம் என்றால் பார்த்தேன், பதில் பின்னால் வரும். டிக் என்றால் சம்மதம், செய்யலாம். இரண்டும் இல்லாவிட்டால் பதிலே வரவில்லை என்று அர்த்தம். கேள்வி கேட்கும் விதத்தையும் மாற்றினோம். அதே கேள்வியை இப்போது அவள் இப்படி எழுதுகிறாள்:

“புது விலைப்பட்டியல் ஏற்ற உங்கள் சம்மதம் வேண்டும். திங்கள் பகல் 12-க்குள். பதில் வராவிட்டால் பழைய விலையிலேயே விட்டுவிடுகிறேன்.”

உயிர் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. பதில் வராவிட்டால் நடப்பது எப்போதும் ஆபத்தில்லாத வழியாக, பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். ‘பதில் வராவிட்டால் ஏற்றிவிடுகிறேன்’ என்று எழுதினால் மௌனத்தைச் சம்மதமாக்குகிறோம். பணம் புழங்கும் இடத்தில் அது கூடாது. உலகெங்கும் சிதறிக் கிடப்பவர்கள் சேர்ந்து வேலை செய்யும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில்கூட வாக்கெடுப்பைப் பொதுவாகக் குறைந்தது 72 மணி நேரம் திறந்து வைக்கச் சொல்கிறார்கள், எந்த ஊரில் இருப்பவரும் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக. உங்கள் ஏழு பேருக்கு அவ்வளவு தேவைப்படாது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். போன் அதிகம் செய்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்களா? எங்களிடம் அப்படித்தான் இருந்தது. ஒரு பையன் மூன்று வரி ஆங்கிலத்துக்கு இருபது நிமிடம் தடுமாறுவான். போனில் தமிழில் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவான். ‘போன் செய்யாதே, எழுது’ என்பது அவனுக்குத் தண்டனை. தமிழிலோ தங்கிலீஷிலோ எழுதலாம், முடிவை மட்டும் நான் ஆங்கிலத்தில் இரண்டு வரி போடுகிறேன் என்றதும் அவன் போன்கள் தானாகக் குறைந்தன.

நம் பக்கத்துக்கென்று ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது எங்களில் இரண்டு பேருக்கு மின்சாரமும் நெட்டும் போய்விட்டன. சாட்டில் அவர்கள் பதில் சொல்லாமல் இருப்பதாகத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. நெட் போனால், முடிந்தால், ஒருவருக்கு மட்டும் ஒரு எஸ்எம்எஸ். அவர் குழுவில் சொல்லிவிடுவார். நான்கு மணிக் கணக்கு நெட் திரும்பும்வரை நிற்கும். அக்டோபர் பிறந்ததும் அந்த ஒருவர் யார் என்று பேசி வைத்துவிடுங்கள்.

அப்புறம், இரவு 11.48. பொறுப்பில் இருப்பவர் அந்த நேரத்தில் எழுதினால், பதில் காலையில் போதும் என்று அதிலேயே சொல்லியிருந்தாலும் கீழே இருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஜிமெயிலில் Schedule send இருக்கிறது. ராத்திரி எழுதுங்கள், காலை பத்துக்குப் போகட்டும்.

ஒரு மாதம் கழித்து ஒரு வார சாட்டைத் திறந்து, ‘பார்த்தீங்களா?’ என்று எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். எங்களுக்கு முதலில் பத்தொன்பது இருந்தது, மாதம் முடிந்து எண்ணியபோது நான்கு. அந்த நான்கில் மூன்று என்னிடம் கேட்டவை.