20 நிமிடம் கேட்டு எழுதும் முதல் மெயில்

*“அக்கா, எனக்கு 24 வயது. பொறியியல் முடித்து, ஜூலையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் சேர்ந்தேன். அடுத்த வாரங்களுக்கு எவ்வளவு சரக்கு தேவைப்படும் என்று முன்கூட்டிக் கணக்கிடும் ஃபோர்காஸ்ட் குழுவில் இருக்கிறேன். எங்கள் பிரிவின் மூத்த மேலாளரிடம் கொஞ்ச நேரம் பேசி ஆலோசனை கேட்க ஆசை. ஆறு தடவை மெயில் எழுதி ஆறையும் அழித்துவிட்டேன். ஏழாவதை இத்துடன் அனுப்புகிறேன். இது சரியா?”*
*— வாசகி, ஈசூன், சிங்கப்பூர்*

தங்கைக்கு,

உங்கள் மெயிலை வேண்டுமென்றே கைப்பேசியில் திறந்தேன். அந்த மேலாளரும் அநேகமாக அப்படித்தான் படிப்பார், எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டோ இரண்டு கூட்டங்களுக்கு நடுவிலோ. திறப்பதற்கு முன் அவர் கண்ணில் படுவது அனுப்பியவர் பெயரும், தலைப்பும், முதல் வரியில் பாதியும்தான். உங்கள் தலைப்பு ‘ஒரு பணிவான வேண்டுகோள்’. முதல் வரி ‘நீங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்’. உங்களை அவருக்குத் தெரியாது. இந்த இரண்டு வரியைப் பார்த்த பிறகும் நீங்கள் யார், என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

உள்ளே படிப்பு, இறுதியாண்டு புராஜெக்ட், பயிற்சி வேலை எல்லாம் வருகின்றன. கேள்வி வருவதற்குள் நான் மூன்று தடவை திரையைத் தள்ள வேண்டியிருந்தது. கடைசியில் வந்த கேள்வி, ‘நீங்கள் எனக்கு வழிகாட்டியாக இருக்க முடியுமா?’

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை யோசிக்க வைத்தது. வழிகாட்டியாக இருப்பது மாதக்கணக்கில் நீளும் பொறுப்பு. முகம் தெரியாத ஒருவருக்கு அதை ஒப்புக்கொள்ள அவரால் முடியாது. புதிதாக வந்த பெண்ணிடம் ‘முடியாது’ என்று எழுதவும் மனம் வராது. அதனால் ‘பிறகு பார்ப்போம்’ என்று ஓரமாக வைப்பார். மறுநாள் அதற்கு மேல் எண்பது மெயில் வந்து விழுந்திருக்கும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் வருடம் எங்கள் இயக்குநர் ஒருவருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி, ரெஸ்யூமேயையும் இணைத்து அனுப்பினேன். பதிலே இல்லை. என் எழுத்தில் ஏதோ மரியாதைக் குறைவு என்று நினைத்து இரண்டு மாதம் அவர் கண்ணில் படாமலே நடந்தேன். பிறகு ஒருநாள் லிஃப்டில் அவரே பேசினார். “உன் மெயில் வந்தது. நான் என்ன செய்ய வேண்டும் என்று அதில் புரியவில்லை. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படிக்கலாம் என்று வைத்தேன்” என்றார். அந்த நேரம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அதனால் கேட்பதைச் சின்னதாக்குங்கள். ஒரு தடவை, 20 நிமிடம், ஒரு கேள்வி. அந்தப் பேச்சு நன்றாக அமைந்தால் அடுத்த பேச்சுக்கு வழி தானாகப் பிறக்கும். ‘வழிகாட்டி’ என்ற சொல்லே முதல் மெயிலில் வேண்டாம்.

இனி அந்த ஒரு கேள்வி எது என்று பார்ப்போம். நீங்கள் கவனிக்கவில்லை, ஆனால் அது உங்கள் மெயிலிலேயே இருக்கிறது. மூன்றாவது பத்தியின் நடுவில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ‘நாங்கள் கொடுக்கும் எண்ணிக்கையைக் கிடங்கில் உள்ளவர்கள் அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள்.’ இரண்டு பத்தி தள்ளி, வேறு இடத்தில், ஊழியர் கூட்டத்தில் அந்த மேலாளர் தான் ஐந்து வருடம் கிடங்கில் வேலை பார்த்துவிட்டுத் திட்டமிடும் பக்கம் வந்ததாகச் சொன்னார் என்று இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கையைக் கொடுக்கும் பக்கமும் அதை மாற்றும் பக்கமும் தெரிந்த மனிதர் அவர். ‘கிடங்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்த எது எங்கள் கணக்கில் வராமல் போகிறது? அதைத் தெரிந்துகொள்ள முதல் வருடத்திலேயே சில வாரம் கிடங்கில் இருக்கக் கேட்கலாமா?’ என்று அவரிடம் கேட்கலாம். உங்கள் மேசையில் பிறந்து, அவர் வாழ்க்கையில் பதில் இருக்கிற கேள்வி இது. வேறு மேலாளர் பெயரைப் போட்டு அனுப்பினால் இது பொருந்தாது. ‘எந்த சாஃப்ட்வேர் கற்றால் நல்லது?’ என்று கேட்டிருந்தால் அதற்குப் பக்கத்து இருக்கைக்காரரே போதும்.

ஒரு எச்சரிக்கை. கிடங்குக்காரர்கள் மாற்றுவதைக் குறையாக எழுதிவிடாதீர்கள். அவரும் அந்த இடத்தில் நின்று எண்ணிக்கையை மாற்றியவராக இருக்கலாம், நல்ல காரணத்தோடு.

எப்போது அனுப்புவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் துறையில் அதுவும் முக்கியம். நவம்பர் 11, டிசம்பர் 12 ஆன்லைன் தள்ளுபடி விற்பனைகள், அப்புறம் கிறிஸ்மஸ் என்று இந்த இரண்டு மாதம் சரக்குத் துறையில் யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. டிசம்பர் கடைசியில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் மறுபடி அவசரம் தொடங்கும். ஜனவரியில் வேலை தொடங்கி இரண்டொரு நாள் கழித்து, விடுப்பில் சேர்ந்த மெயில்களை அவர் பார்த்து முடித்த பிறகு அனுப்புங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். எந்த வாரம், எந்தச் சரக்குக்கு, நீங்கள் கொடுத்த எண்ணிக்கை எவ்வளவு, கிடங்கில் எவ்வளவாக மாற்றினார்கள், கடைசியில் உண்மையில் எவ்வளவு போனது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். பத்து வரி சேர்ந்தால் போதும். அவர்கள் மாற்றியது எத்தனை தடவை உண்மைக்குப் பக்கத்தில் வந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். இந்தத் தாள் மெயிலில் போகாது. நேரில் பேசும்போது கையில் இருக்கும்.

உங்கள் நேரடி மேலதிகாரியிடமும் அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். “கிடங்கு அனுபவம் பற்றி அவரிடம் 20 நிமிடம் பேசக் கேட்கலாம் என்று இருக்கிறேன், உங்களுக்குச் சரியா?” இவ்வளவுதான். தன்னைத் தாண்டி நீங்கள் மேலே போனதாக அவர் வேறு யார் வாயிலாவது கேட்டால், நீங்கள் தினமும் வேலை செய்ய வேண்டிய உறவு கெட்டுப்போகும். பல நேரம் அவரே “நான் சொல்லி வைக்கிறேன்” என்பார்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போகப் போகிறது. அதன் பொருளை நான் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்.

*தலைப்பு: கிடங்கு அனுபவம் பற்றி ஒரு கேள்வி, 20 நிமிடம் கிடைக்குமா?*

*நான் ஜூலையில் ஃபோர்காஸ்ட் குழுவில் சேர்ந்த புதிய பட்டதாரி. உங்களிடம் ஒருமுறை 20 நிமிடம் பேச நேரம் கேட்டு எழுதுகிறேன்.*

*திட்டமிடும் பணிக்கு வரும் முன் ஐந்து ஆண்டு கிடங்கில் இருந்ததாக ஊழியர் கூட்டத்தில் சொன்னீர்கள். நாங்கள் தரும் எண்ணிக்கையைக் கிடங்கில் மாற்றிய வாரங்களை நவம்பர், டிசம்பரில் குறித்துவைத்தேன். பல தடவை அவர்கள் எண்ணிக்கையே சரியாக இருந்தது. அவர்கள் எதைப் பார்த்து மாற்றுகிறார்கள், அதைக் கற்க நான் இந்த ஆண்டு சில வாரம் கிடங்கில் இருக்கக் கேட்கலாமா என்பதே என் கேள்வி.*

*அடுத்த வாரம் செவ்வாய் அல்லது வியாழன் மாலை 4 மணிக்குப் பிறகு உங்கள் அலுவலகத்துக்கு வர முடியும். வீடியோ அழைப்பும் எனக்கு வசதியே. இப்போது நேரம் இல்லையென்றால், நான் பேசக்கூடிய வேறொருவரைச் சொன்னாலும் நன்றி. என் மேலதிகாரிக்கு இது தெரியும்.*

‘பல தடவை அவர்கள் எண்ணிக்கையே சரியாக இருந்தது’ என்பதை உங்கள் தாள் அப்படிச் சொன்னால் மட்டும் எழுதுங்கள். வேறு மாதிரி வந்தால் வந்ததை எழுதுங்கள். முதல் பத்தியிலேயே கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, கவனித்தீர்களா? அவர் அதோடு படிப்பதை நிறுத்தினாலும் பதில் எழுத முடியும். கடைசிப் பத்தியில் ‘வேறொருவரைச் சொன்னாலும்’ என்று இருப்பது, அவர் மறுக்க நேர்ந்தாலும் சங்கடமில்லாமல் மறுக்க ஒரு கதவு. ரெஸ்யூமே இணைக்காதீர்கள். இணைத்தால் வேறு பிரிவில் வேலை கேட்கிறீர்கள் என்று தோன்றும்.

எப்படி விளிப்பது? நம் வீட்டில் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல் வளர்ந்ததால், கை தானாக ‘சார்’ என்று எழுதும். இங்கே பல அலுவலகங்களில் இயக்குநரைக்கூடப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அவர் எல்லோருக்கும் அனுப்பிய மெயில் ஒன்றைத் தேடி, கீழே எப்படிக் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பாருங்கள், அந்தப் பெயரையே எழுதலாம். மனம் ஒப்பவில்லையென்றால் ‘திரு’ போடுங்கள், ஆனால் சரியான பெயரோடு. சீனப் பெயர்களில் டான், லிம் போன்ற குடும்பப் பெயர் முதலில் வரும். ‘திரு’ அதற்குத்தான், கடைசிச் சொல்லுக்கு அல்ல. மலாய்ப் பெயரில் ‘பின்’ என்பதற்குப் பிறகு வருவது தந்தையின் பெயர், அதைச் சொல்லி அழைக்கக் கூடாது. அவர் தமிழராக இருந்தால் ‘வணக்கம்’ என்று தொடங்கலாம். மீதி ஆங்கிலத்தில் இருக்கட்டும், அவர் அதை வேறு யாருக்காவது அனுப்ப வேண்டியிருக்கும்.

அனுப்பிய பிறகு ஏழு வேலை நாள் பொறுங்கள். பதில் வராவிட்டால் அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதி, வேறு இரண்டு நேரம் கொடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன்னிலும் வாட்ஸ்அப்பிலும் பின்தொடர வேண்டாம்.

‘நிச்சயம், ஒருநாள் சந்திப்போம்’ என்று மட்டும் பதில் வந்தால் அது இன்னும் ‘சரி’ ஆகவில்லை. அன்றே நன்றி சொல்லி, இரண்டு நேரத்தைத் திரும்ப எழுதினால்தான் நாள் குறிக்கப்படும். அவருடைய உதவியாளர் பதில் எழுதினால் அவருக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதுங்கள், மேலாளரின் நாட்காட்டி அவர் கையில்தான் இருக்கிறது. ‘கிடங்கு மேற்பார்வையாளரிடம் பேசு’ என்று வந்தால் தட்டிக்கழித்ததாக நினைக்காதீர்கள். உங்கள் கேள்விக்கு அவரிடம் இன்னும் புதிய பதில் இருக்கலாம். அந்த வாரமே போய்ப் பேசிவிட்டு, என்ன தெரிந்தது என்று மேலாளருக்கு மூன்று வரி எழுதுங்கள். அப்போது அவர் பெட்டியில் உங்கள் பெயர் புதிதாக இருக்காது.

சந்திப்பு கிடைத்தால், 20-வது நிமிடத்தில் “நேரம் ஆகிவிட்டது” என்று நீங்களே சொல்லுங்கள். அவர் தொடர்ந்து பேசினால் உட்காருங்கள். மறுநாள் காலை, அவர் சொன்னதில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஏப்ரலில், அதைச் செய்ததும் கணக்கு எப்படி மாறியது என்று இன்னொரு மெயில். அந்தத் தாளில் அதற்குள் இன்னும் பத்து வரி சேர்ந்திருக்கும்.

அன்புடன்,
அக்கா