திரும்பி வந்த பொருளுக்குக் கமிஷன் பிடித்தம்

“ஏப்ரலில் ரூ. 3,00,000 விற்பனைக்கு 4% கமிஷன் ரூ. 12,000. மார்ச்சில் விற்ற ஃப்ரிட்ஜ் திரும்பி வந்ததால் 1,888 பிடித்து 10,112 தந்தார்கள். அந்த ஃப்ரிட்ஜுக்கு நான் வாங்கியதே 1,200 தானே?”

உங்கள் நிகரக் கமிஷன் ரூ. 10,800 ஆக இருக்க வேண்டும். விற்பனை நடந்த மாதத்தில் அந்தப் பொருளுக்கு எவ்வளவு கொடுத்தார்களோ அவ்வளவைத்தான் திரும்பப் பிடிப்பது முறை.

மார்ச்சில் உங்கள் விகிதம் 3% என்றால், ஃப்ரிட்ஜின் வரிக்கு முந்தைய விலை ரூ. 40,000. அதனுடன் 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 47,200. அதில் 4% கணக்கிட்டால் சரியாக 1,888 வருகிறது. ஆகவே, கமிஷனை வரியில்லாத விலையில் கொடுத்துவிட்டு, பிடித்தத்தை வரி சேர்ந்த தொகையில், அதுவும் ஏப்ரல் விகிதத்தில் போட்டிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

திரும்பி வந்த பொருளுக்குக் கடை போட்ட கிரெடிட் நோட்டையும் மார்ச் மாதக் கமிஷன் பட்டியலையும் கேட்டு வாங்கி, ஒரே பில் எண்ணுக்கு நேரே இரண்டிலும் உள்ள தொகையை ஒப்பிடுங்கள். அந்த 3,00,000-இலிருந்தே ஃப்ரிட்ஜின் விலையை முன்பே கழித்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அப்படியென்றால் ஒரே பொருளுக்கு இருமுறை பிடித்ததாகிவிடும்.

ஆனால், விற்பனை இலக்கைப் பொறுத்து விகிதம் மாறும் ஒப்பந்தமாக இருந்து, இந்தத் திரும்பலால் மார்ச் விற்பனை இலக்குக்குக் கீழே இறங்கியிருந்தால், அம்மாதக் கமிஷன் முழுவதையும் குறைந்த விகிதத்தில் மறுகணக்கிட ஒப்பந்தம் இடம் தரலாம். அப்போது 1,200-க்கு மேல் பிடிப்பதும் செல்லும் என்பதால், அந்த விதியைப் படித்த பிறகே முறையிடுங்கள்.