டியூமர் போர்டுக்குப் பிறகு திட்டம் மாறியது ஏன்?

“அப்பாவுக்கு மலக்குடல் புற்றுநோய். உடனே ஆபரேஷன் என்றார் சர்ஜன். டியூமர் போர்டு முடிந்ததும் முதலில் கதிர்வீச்சு என்கிறார்கள். யார் சொல்வது சரி?”

டியூமர் போர்டு என்பது பல துறை மருத்துவர்கள் கூடிச் சிகிச்சைத் திட்டத்தைப் பேசி முடிவு செய்யும் கூட்டம். அங்கே பார்த்த எம்.ஆர்.ஐ. படம்தான் திட்டத்தை மாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பும், அதற்கு வெளியே மெல்லிய உறையும் உண்டு. சர்ஜன் அந்த உறையை ஒட்டித்தான் வெட்டுவார். கட்டி உறையிலிருந்து 1 மில்லிமீட்டருக்குள் இருப்பதாக ரேடியாலஜிஸ்ட் திரையில் காட்டினால், வெட்டிய விளிம்பிலேயே புற்று தங்கிவிடும் அபாயம் உண்டு. அப்புறம் அதே இடத்தில் திரும்ப வரலாம். அதனால் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துச் சுருக்கிவிட்டு வெட்டலாம் என்று பெரும்பாலும் சர்ஜனே சொல்லிவிடுவார். உங்கள் சர்ஜனிடமே கேளுங்கள்: “உறைக்கும் கட்டிக்கும் எவ்வளவு இடைவெளி?”

இன்னொன்று, பயாப்சியில் எம்.எம்.ஆர். சோதனை செய்தார்களா? நோயியல் மருத்துவரின் அந்த முடிவில், டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் குறிப்பிட்ட புரதங்கள் கட்டியில் இல்லையென்று வந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றைத் தாக்கும் இம்யூனோதெரபி பற்றிப் பேச்சு வரும், திட்டமே மாறலாம். ஆனால் சிலருக்குத்தான் அப்படி வரும்.

கூட்டத்தில் நோயாளி பொதுவாக இருக்கமாட்டார். ஆகவே அப்பாவின் இதய நோய், சர்க்கரை பற்றி அங்கே பேசினார்களா என்றும் விசாரியுங்கள். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்து, அதே போர்டில் வைத்துத்தான் ஆபரேஷனை முடிவு செய்வார்கள்.