இளைஞர் அதிகம் பதில் சொன்ன கருத்துக்கணிப்பை எடை போட்டுச் சரிசெய்வது

கேள்வி: சுங்கை சிப்புட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட தமிழர் 200 பேரிடம் வாட்ஸ்அப் வழி, "ஈப்போ மருத்துவமனைக்கு நேரடி பஸ் வேண்டுமா?" என்று கேட்டோம். 120 பேர் 30 வயதுக்குக் கீழ். 60 பேர் 30–49. 50-ஐத் தாண்டியவர்கள் 20 பேர்தான். வேண்டும் என்றவர்கள் முறையே 36, 30, 16. மொத்தம் 41%. இதை அப்படியே போடலாமா?

பதில்:

போடாதீர்கள். அந்த 41% பெரும்பாலும் இளைஞர்களின் குரல்.

முதலில், ஊரில் ஒவ்வொரு வயதுப் பிரிவும் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். புள்ளிவிவரத் துறை மாவட்ட வாரியாக, வயதும் இனமும் பிரித்துத் தருகிறது. உங்களுக்கு வேண்டியது கோலகங்சார் மாவட்டத்தின் இந்தியர் வரிசை. மொத்த மக்கள்தொகையை எடுத்தால் தோட்டங்களில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் கணக்கில் வந்துவிடுவார்கள். நீங்கள் அவர்களைக் கேட்கவே இல்லையே. பிள்ளைகளையும் கழித்துவிட்டுத்தான் சதவீதம் போட வேண்டும். வயது ஐந்தைந்தாகத்தான் இருக்கும் என்பதால், 15–19 பிரிவில் ஐந்தில் இரண்டு பங்கை 18, 19 வயதினராக எடுத்துக்கொள்ளுங்கள்; தோராயம்தான், போதும்.

கணக்குக்காக ஊர்ப் பங்கு 30%, 40%, 30% என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் வந்தது 60%, 30%, 10%. ஊர்ப் பங்கை வந்த பங்கால் வகுத்தால் எடை: இளைஞருக்கு 0.5, நடுவயதினருக்கு 1.33, மூத்தவர்களுக்கு 3. ஒவ்வொரு பிரிவிலும் 'வேண்டும்' என்றவர்கள் 30%, 50%, 80%. ஊர்ப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் 9 + 20 + 24, ஆக 53%. சிறுபான்மை பெரும்பான்மை ஆகிவிட்டது!

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு பாட்டியின் பதில் இப்போது ஆறு இளைஞர்களின் பதிலுக்குச் சமம். 'வேண்டும்' என்ற மூத்தவர்களில் இரண்டு பேர் மனம் மாறினால் முடிவு 3 புள்ளி இறங்கும்; இளைஞர் இரண்டு பேர் மாறினால் அரைப் புள்ளிதான். எக்செலில் D பத்தியில் ஒவ்வொருவரின் எடையையும் போட்டு இதைத் தட்டுங்கள்:

```
=SUM(D2:D201)^2/SUMSQ(D2:D201)
```

126 வரும். 200 பேரைக் கேட்டும் துல்லியம் 126 பேரைக் கேட்ட அளவுக்குத்தான். பிழை வரம்பு சுமார் 7 புள்ளியிலிருந்து 9-க்கு ஏறுகிறது. ஆகவே 53%-ஐ "பாதிக்கு மேல்" என்று அடித்துச் சொல்ல முடியாது. மூத்தவர்களை 50–64, 65+ என்று இன்னும் பிரிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். இருபது பேரைக் கூறு போட்டால் எடை எகிறும்.

எடையால் தீராத குறை ஒன்றும் இருக்கிறது. அந்த 20 பேரும் வாட்ஸ்அப் பார்க்கத் தெரிந்தவர்கள். வீட்டில் கார் ஓட்டப் பிள்ளைகள் உள்ளவர்களாகவும் இருக்கலாம். லயத்து வீட்டில் தனியாக இருக்கும் தாத்தா அந்தக் குழுவிலேயே இல்லை. அவர் சொல்லாத பதிலை எந்த எடையும் கொண்டுவராது, இருப்பவர்களையே மூன்று மடங்காக்கும். பேரன் தாத்தாவுக்காக நிரப்பினானா என்பதையும் பாருங்கள்.

நேரம் இருந்தால் காலையில் கோயில் பக்கமும் சந்தைப் பக்கமும் தாளோடு போய் மூத்தவர்கள் 40 பேரைக் கேட்டுவிட்டு, பிறகு எடையைத் திரும்பப் போடுங்கள். வெளியிடும்போது 41, 53 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்.