வீட்டுப் படத்தில் புல்தரைக்கும் கூரைக்கும் பனி போர்த்தும்போது வெளிச்சத்தைப் பொருந்த வைப்பது எப்படி?

கேள்வி: டொராண்டோவில் உள்ள எங்கள் வீட்டை அக்டோபர் 20 அன்று மாலை மூன்றரை மணிக்கு, நல்ல வெயிலில் படம் எடுத்தேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்காகப் புல்தரையிலும் கூரையிலும் பனி சேர்த்தேன். ஆனால் வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. என்ன தவறு செய்கிறேன்?

பதில்:

வீட்டுப் படங்களைத் திருத்துவது என் அன்றாட வேலை. தொடக்கத்தில் நானும் வேறொரு பனிப் படத்தை எடுத்துவந்து புல்லின் மேல் ஒட்டித்தான் பார்த்தேன். அந்தப் பனியில் வெயில் வலப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. வீட்டின் மேல் இடப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. எவ்வளவு மெருகேற்றினாலும் அந்த முரண் மறையவில்லை. அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை வேறு. பனிக்கான வெளிச்சத்தை வெளியிலிருந்து கொண்டுவராமல், உங்கள் புல்தரையின் மேல் ஏற்கெனவே விழுந்திருக்கும் வெயிலையும் நிழலையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் அடியில் இருக்கும் பொருளை மட்டும் புல்லிலிருந்து பனியாக மாற்ற வேண்டும்.

முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் படம் எடுத்த நேரத்தில் டொராண்டோவில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 26 பாகை உயரத்தில்தான் இருந்திருக்கும். டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியனே அங்கு 23 பாகைக்கு மேல் ஏறுவதில்லை என்பதால், உங்கள் படத்தில் உள்ள நிழல்களின் நீளம் குளிர்காலத்துக்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஜூன் மாத நண்பகலில் எடுத்த படமாக இருந்தால் நான் வேறு படம் கேட்டிருப்பேன். அப்போது சூரியன் ஏறத்தாழ 70 பாகை உயரத்தில் நிற்கும். 6 மீட்டர் உயரமுள்ள வீட்டின் நிழல் இரண்டேகால் மீட்டருக்குள் அடங்கிவிடும். டிசம்பர் நண்பகலிலோ அது 14 மீட்டர் நீளும். அந்தக் குட்டை நிழலோடு பனியைப் பார்க்கும் எவருக்கும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ சரியில்லை என்று தோன்றிவிடும்.

இனிப் புல்தரை. திருத்தம் புல்தரையில் மட்டும் பதியும்படி ஒரு மாஸ்க் வரைந்து, புல்தரையின் நகலை Black & White மூலம் கறுப்பு வெள்ளையாக்குங்கள். பச்சைக்கும் மஞ்சளுக்கும் உரிய அளவுகளை நகர்த்தி, புல்லிதழ்களுக்கு இடையிலான வேறுபாடு முடிந்தவரை குறையும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து அந்தப் புல்லின் சொரசொரப்பைக் கரைக்க வேண்டும். ஆனால் மரத்தின் நிழல் விளிம்பு கரைந்துவிடக் கூடாது. சாதாரண மங்கலாக்கல் இரண்டையும் சேர்த்தே கரைத்துவிடும். ஃபோட்டோஷாப்பில் Surface Blur, கிம்ப்பில் Selective Gaussian Blur ஆகிய இரண்டும் ஒரு வரம்புக்கு உட்பட்ட வேறுபாடுகளை மட்டுமே கரைப்பவை. உதாரணமாக, கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில், வெயில் பட்ட புல்லின் மதிப்பு 120 என்றும் நிழலில் உள்ள புல்லின் மதிப்பு 55 என்றும் வைத்துக்கொள்வோம். இதழுக்கு இதழ் உள்ள வேறுபாடு இருபது, இருபத்தைந்து இருக்கலாம். வரம்பை ஃபோட்டோஷாப்பில் 30 அளவிலும், அதை 0 முதல் 1 வரை அளக்கும் கிம்ப்பில் ஏறத்தாழ 0.12 அளவிலும் வைத்தால் இதழ்கள் கரைந்துபோகும், 65 அளவு வேறுபாடுள்ள நிழல் விளிம்பு தப்பித்துக்கொள்ளும்.

இப்போது கையில் இருப்பது உங்கள் தரையின் வெளிச்ச வரைபடம். அதன் மேல் ஒரு Curves லேயரை வைத்து, 120 என்ற புள்ளியை 215-க்கும், 55 என்ற புள்ளியை 120-க்கும் உயர்த்துங்கள். ஒரே நொடியில் தரை வெளுத்து, மரத்தின் நிழல் அதன் மேல் இருந்தபடியே கிடப்பதைப் பார்ப்பீர்கள். (மரத்தில் இன்னும் அடர்ந்த இலைகள் இருந்தால் அது வேறு சிக்கல், இலையையும் அதன் நிழலையும் சேர்த்து நீக்க வேண்டியிருக்கும்.) நிழல் பகுதிக்கு மட்டும் சற்றே நீலம் சேர்க்க வேண்டும். அங்கே நேர் வெயில் இல்லை, நீல வானத்தின் ஒளி மட்டுமே விழுகிறது, பனிக்கு அந்த நீலத்தை மறைக்கும் சொந்த நிறம் கிடையாது. சிவப்பு 105, பச்சை 120, நீலம் 145 என்ற அளவு எனக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் பனி சாயம் ஏறியது போலத் தெரியும். மேகமூட்டமான நாளில் எடுத்த படமென்றால் இந்த நீலம் அறவே கூடாது. அங்கே ஒளி வானம் முழுவதிலிருந்தும் சமமாக வருவதால், செடிகளின் அடியிலும் படிகளின் ஓரத்திலும் மெல்லிய சாம்பல் நிறம் மட்டும் இருந்தால் போதும்.

வெயில் பட்ட பனிக்கு 250 கொடுக்காமல் ஏன் 215 என்று நீங்கள் கேட்கக்கூடும். நீங்கள் தவறியிருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் ஊகம். சூரியன் தாழ்வாக இருக்கும்போது சமதளமான தரையின் மேல் வெயில் மிகவும் சாய்வாக விழுகிறது. அதே வெயில், சூரியனைப் பார்த்தபடி சாய்ந்திருக்கும் கூரையின் மேல் ஏறக்குறைய நேராக விழுகிறது. 30 பாகைச் சரிவுள்ள ஒரு கூரை சூரியன் இருக்கும் திசையை நோக்கியிருந்தால், உங்கள் படத்தின் 26 பாகை வெயிலில் தரையைப் போல ஏறத்தாழ இருமடங்கு நேர் வெயில் அதன் மேல் விழும். முகட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள சரிவுக்கோ நேர் வெயிலே எட்டாது. ஆகவே ஒரே பனி, ஒரே மாலை, ஆனால் மூன்று வேறு வெள்ளைகள்: வெயிலைப் பார்க்கும் கூரைச் சரிவு 245, தரை 215, வெயிலுக்கு முதுகு காட்டும் சரிவு நீலம் கலந்த 120-க்குச் சற்று மேல். கேரேஜின் மேல் முக்கோண முகப்புள்ள சிறு கூரை இருந்தால், அதன் இரண்டு சரிவுகளையும் அருகருகே பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே வெள்ளையைப் பூசிய படத்தில் அந்தக் கூரை தட்டையாகிவிடுகிறது, முகடு இருப்பதே தெரிவதில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டியது போல என்று நீங்கள் எழுதியது இதையே குறிக்கிறது என்று நினைக்கிறேன்.

கூரைக்கு Curves முறை ஒத்துவராது. தார் ஓடுகள் மிகவும் கருமையானவை. அவற்றை 245 வரை இழுத்தால் படத்தின் இரைச்சலும் ஜேபெக் கட்டங்களும் பனியின் மேல் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். அதனால் நான் ஒவ்வொரு சரிவையும் தனித் தனியாகத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய வெள்ளையைச் சீராகப் பூசிவிட்டு, புகைபோக்கியும் காற்றுக் குழாயும் ஓட்டின் மேல் விழுத்தியிருக்கும் நிழல்களை மட்டும் மூலப்படத்தைப் பார்த்து மறுபடி வரைகிறேன். கூரையின் கீழ் விளிம்பில் பனிக்குத் தடிமன் வேண்டும். எட்டு, பத்து சென்டிமீட்டர் பனி என்றால், உங்கள் படத்தில் வாசற்கதவின் உயரத்தை அளவுகோலாக வைத்து அது எத்தனை பிக்சல் என்று கணக்கிடுங்கள். அந்த விளிம்பின் மேற்பகுதி வட்டமாக வளைந்து, அடிப்பகுதி சற்று இருண்டு, சுவரின் மேல் ஒரு மெல்லிய நிழல் கோட்டை விழுத்த வேண்டும்.

அடுத்து நான் சொல்லப்போவதைப் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. ஆனால் படத்தை நம்ப வைப்பது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. புல் தன் மேல் விழும் ஒளியில் ஒரு சிறு பங்கை மட்டும், அதுவும் பச்சை நிறம் ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. புதுப் பனி எண்பது விழுக்காட்டுக்கும் மேல், நிறம் மாற்றாமல் திருப்பி அனுப்புகிறது. அந்த ஒளி எங்கே போகிறது? மேல்நோக்கிப் போய், சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பான இறவாணத்தின் அடிப்பலகையிலும், தாழ்வாரத்தின் உட்கூரையிலும், ஜன்னல் மேற்சட்டத்தின் அடியிலும் படுகிறது. உங்கள் படத்தை நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி இறவாணத்தின் அடிப்பலகையைப் பாருங்கள். வெள்ளை வண்ணம் பூசிய பலகையாக இருந்தால் அதில் இலேசான பச்சைச் சாயல் தெரியும். அது உங்கள் புல்தரையின் சாயல். தரையில் பனியும் தலைக்கு மேல் அந்தப் பச்சையும் ஒரே படத்தில் இருக்க முடியாது. அந்த அடிப்பரப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பச்சையை நீக்கி, முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை, அதாவது இருமடங்கு வரை, வெளிச்சம் கூட்டுங்கள். சுவரின் கீழ்ப்பகுதிக்கும் இதையே குறைந்த அளவில் செய்து, மேலே போகப் போகத் தேய்ந்து மறையும்படி விடுங்கள். மரத்தின் நிழல் விழுந்திருக்கும் தரைக்கு மேலே உள்ள இடத்தில் இந்த எதிரொளி குறைவாக இருக்க வேண்டும், ஏனெனில் அங்கே திருப்பி அனுப்ப வெயில் இல்லை.

அதே கண்ணோடு ஜன்னல் கண்ணாடிகளையும் பாருங்கள். எதிர்வீட்டுப் புல்தரை அவற்றில் பச்சையாகப் பிரதிபலித்துக்கொண்டிருக்கும். அதையும் வெளிறச் செய்ய வேண்டும். நிறுத்தியிருக்கும் காரின் பக்கக் கதவுகளிலும் இதே கதைதான்.

பனியின் மேற்பரப்புக்கு நான் தனிப் படம் எதுவும் பயன்படுத்துவதில்லை. ஒரு சாம்பல் லேயரில் இரைச்சல் சேர்த்து, சற்றே மங்கலாக்கி, Emboss வடிகட்டியில் கோணத்தை மரத்தின் நிழல் காட்டும் சூரியத் திசைக்கு வைத்தால் சிறு மேடு பள்ளங்கள் கிடைக்கும். அதை முன்னால் பெரிதாகவும் தொலைவில் நுணுக்கமாகவும் இருக்கும்படி விரித்து, Soft Light முறையில் 15 அல்லது 20 விழுக்காடு மட்டும் கலக்கிறேன். சுவரை ஒட்டிய ஓரத்தில் சில புல்நுனிகளை வெளியே தெரிய விடுவதும், நடைபாதையைப் பெருக்கிய நிலையில் வைத்து அதன் விளிம்பில் பனியின் தடிமனைக் காட்டுவதும் நல்லது.

முடிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். படம் முழுவதையும் தற்காலிகமாகக் கறுப்பு வெள்ளையாக்கி, வெயிலைப் பார்க்கும் வெள்ளைக் கேரேஜ் கதவையும் அதன் முன்னால் உள்ள தரைப் பனியையும் ஒப்பிடுங்கள். செங்குத்தான கதவின் மேல் இந்தத் தாழ்ந்த வெயில் தரையைவிட அதிகம் விழுவதால், கதவு பனிக்குச் சமமாகவோ அதைவிடச் சற்று வெளிச்சமாகவோ இருக்க வேண்டும். கதவு மங்கலாகவும் தரை பளீரென்றும் தெரிந்தால், வீட்டைத் தொடாமல் தரையின் 215-ஐ 200 வரை இறக்கிப் பாருங்கள். நிழலின் 120-ஐயும் அதே விகிதத்தில் இறக்குங்கள்.