கூட்ட அறிவிப்பில் முடியும் நேரம்

“குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவுக்கு ‘ஞாயிறு காலை 10 மணி’ என்று அறிவிப்பு அனுப்புகிறேன். பாதியிலேயே பலர் எழுந்து போய்விடுவதால் வாக்கெடுப்புக்கு ஆள் இருப்பதில்லை. என்ன செய்வது?”

வணக்கம். உங்கள் அறிவிப்பில் முடியும் நேரம் இல்லாததால், ஒவ்வொருவரும் தாமாகவே ஒரு நேரத்தை ஊகித்துக்கொண்டு, அதற்கேற்ப மதிய விருந்துக்கோ பிள்ளையின் வகுப்புக்கோ ஒப்புக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

முதலில் பொருள்வாரியாக நிமிடங்களை எழுதிக் கூட்டிப் பாருங்கள். வருகைக் கையெழுத்துக்கு 10, வரவு செலவுக்கு 15, பராமரிப்புக் கட்டண உயர்வுக்கு 30, தண்ணீர்த் தொட்டிப் பழுதுக்கு 20 என்றால் 75 நிமிடம் ஆகிறது. அதோடு 15 நிமிடம் சேர்த்து, “காலை 10.00 முதல் 11.30 வரை (ஒன்றரை மணி நேரம்). கட்டண உயர்வுக்கான வாக்கெடுப்பு 10.55 மணிக்கு” என்று எழுதுங்கள். ‘சுமார் ஒன்றரை மணி நேரம்’ என்று மட்டும் எழுதினால், தொடக்கம் தள்ளிப்போகும்போது முடிவும் தள்ளிப்போகும் என்பதால், கடிகார நேரத்தையும் குறிப்பிடுவது அவசியம்.

எங்கள் சங்கத்தில் 10.20 வரை ஆளுக்காகக் காத்திருந்துவிட்டு அந்த 20 நிமிடத்தை முடிவில் நீட்டியபோது, நேரத்துக்கு வந்தவர்களே முதலில் கிளம்பினார்கள். அப்படித் தாமதமானால் 11.30 என்ற முடிவு நேரத்தை மாற்றாமல், தொட்டி விவகாரத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவையுங்கள். தேவையான குறைந்தபட்ச வருகை சேராவிட்டால் உங்கள் சங்க விதிகள் சொல்வதே செல்லும். அந்த விதியையும் அறிவிப்பிலேயே ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.